பள்ளம் தின்ற மண் எத்தனை கியூப்?

கொழும்பு நகருக்குள் நிலம் பெரும்பாலும் தட்டை. ஆனால் ஹோமாகம, பாதுக்கை தாண்டி அவிசாவளைப் பக்கம் போகப் போக மேடுகள் தொடங்கிவிடும். அங்கே இறப்பர் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் துண்டு போட்டு விற்ற காணிகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும்: மேலே வீதி, வீதி வடிகானின் தண்ணீரைச் சரிவில் கொட்டும் ஒரு குழாய், குழாயின் வாயிலிருந்து கீழே வரைக்கும் சிவப்பாகப் பிளந்து கிடக்கும் பள்ளம். அந்த மண் வேறெங்கும் போகவில்லை. சிற்றோடைகள் வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. அதே ஆற்றிலிருந்துதான் அம்பத்தலையில் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்.

அந்தப் பள்ளத்தைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதுவரை எவ்வளவு மண் போயிருக்கிறது? இப்போது வருடத்துக்கு எவ்வளவு போகிறது? முதல் கேள்விக்கு அளவுநாடா போதும். இரண்டாவதற்குக் கம்பி அடித்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பலர் முதல் விடையைப் பள்ளத்தின் வயதால் வகுத்து, அதையே இரண்டாவதற்கும் விடையாகச் சொல்லிவிடுகிறார்கள். அது ஏன் பொருந்தாது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மேலே சொன்ன மாதிரி ஒரு பள்ளம், தலையிலிருந்து வாய் வரை 24 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பள்ளத்தை மேலிருந்து கீழே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சம இடைவெளியில் வெட்டுமுகம் எடுக்கலாம்தான். ஆனால் பள்ளம் அகலுகிற இடம், ஒடுங்குகிற இடம், ஆழம் மாறுகிற இடம் என்று வடிவம் மாறும் இடங்களில் எடுத்தால் குறைந்த வேலையில் சரியான அளவு கிடைக்கும். நம் பள்ளத்தில் தலைக்குக் கீழே ஒன்று, அங்கிருந்து 5, 13, 20 மீற்றர்களில் ஒவ்வொன்று, ஆக நான்கு வெட்டுமுகங்கள். 24ஆம் மீற்றரில் பள்ளம் தரையோடு கலந்துவிடுகிறது.

ஒவ்வொரு இடத்திலும் இரு கரையிலும், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, உறுதியான முளை அடித்து, மேசன் கட்டும் நூலை இறுக்கிக் கட்டுங்கள். ரசமட்டம் வைத்து நூலைச் சமப்படுத்துங்கள். நூல் பள்ளத்துக்குக் குறுக்காகச் செங்குத்தாகப் போகவேண்டும். சாய்வாகப் போனால் அகலம் கூடிவிடும், அதோடு பரப்பும் கூடிவிடும். பிறகு ஒரு விளிம்பிலிருந்து 20 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை நூலிலிருந்து பள்ளத்தின் தரைக்கு நேர் கீழே அளக்க வேண்டும். நாடாவின் நுனியில் தூக்குக்குண்டு கட்டிவிட்டால் நாடா சாயாது.

5ஆம் மீற்றரில் அகலம் 1.6 மீற்றர். இரு விளிம்பிலும் ஆழம் 0. நடுவில் கிடைத்தவை 0.35, 0.70, 0.90, 0.95, 0.90, 0.65, 0.30 மீற்றர். இவற்றைக் கூட்டினால் 4.75. இடைவெளியான 0.2ஆல் பெருக்கினால் 0.95 சதுர மீற்றர். அவ்வளவுதான் வெட்டுமுகப் பரப்பு. அகலத்தையும் அதிகபட்ச ஆழத்தையும் மட்டும் அளந்து பெருக்கியிருந்தால் 1.52 வந்திருக்கும். முக்கோணம் என்று எண்ணி அதைப் பாதியாக்கினால் 0.76. உண்மையான பள்ளம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த ஏழு ஆழங்களையும் எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். அந்த வேலையை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மற்ற வெட்டுமுகங்கள் தலையருகே 0.80, 13ஆம் மீற்றரில் 1.25, 20ஆம் மீற்றரில் 0.55 சதுர மீற்றர். அடுத்தடுத்த இரண்டு பரப்புகளின் சராசரியை நடுவிலுள்ள நீளத்தால் பெருக்கினால் அந்தத் துண்டின் கனவளவு. முதல் 5 மீற்றரில் 4.4 கன மீற்றர், அடுத்த 8 மீற்றரில் 8.8, அடுத்த 7 மீற்றரில் 6.3. கடைசி 4 மீற்றருக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே அகலமும் ஆழமும் சேர்ந்தே ஒன்றுமில்லாமல் போகின்றன, அதனால் அந்தத் துண்டு படுத்துக் கிடக்கும் கூம்பு. பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்கு எடுக்க வேண்டும்: 0.7. மொத்தம் 20.2 கன மீற்றர்.

நம் ஊரில் மண்ணை கியூப் கணக்கில்தானே வாங்குகிறோம். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். அப்படியானால் பள்ளத்தின் வெற்றிடம் ஏழு கியூப்புக்குச் சற்று மேல். ஆனால் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டினால் அது உப்பும். நாலில் ஒரு பங்கு உப்பியது என்று எடுத்தால்கூட ஒன்பது கியூப், மூன்று கியூப் டிப்பர் மூன்று நிறைய.

கனவளவை எடையாக்க மண்ணின் அடர்த்தி வேண்டும். வழக்கமாக உலோக வளையத்தை மண்ணில் அடித்து, உள்ளே நிற்கும் மண்ணை 105 பாகை செல்சியஸில் உலர்த்தி நிறுப்பார்கள். கபுக் கட்டிகளும் சரளையும் கலந்த நம் சிவப்பு மண்ணில் வளையம் பல இடங்களில் இறங்காது. அப்போது பள்ளத்தின் சுவரோரம், கலையாத மண்ணில், ஒரு சிறு குழி தோண்டி அந்த மண் முழுவதையும் எடுத்து வையுங்கள். குழிக்குள் மெல்லிய பொலித்தீன் விரித்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, எத்தனை லீற்றர் பிடித்தது என்று பாருங்கள். 1.5 லீற்றர் பிடித்து, உலர்ந்த மண் 2.1 கிலோ என்றால் அடர்த்தி லீற்றருக்கு 1.4 கிலோ, அதாவது கன மீற்றருக்கு 1.4 தொன். ஆக 20.2 கன மீற்றர் என்பது சுமார் 28 தொன்.

இனி வயது. காணிக்காரரிடம் “இந்தப் பள்ளம் எப்ப வந்தது?” என்று கேட்டால் விடை ஒவ்வொரு முறையும் மாறும். “வீதிக் குழாய் எந்த வருசம் போட்டது?” என்று கேளுங்கள், அதற்குத் தெளிவான பதில் இருக்கும். 8 வருடம் என்றால் வருடத்துக்குச் சராசரி 3.5 தொன். இந்த எண் பள்ளத்தின் கடந்த காலம் மட்டும்தான். முதல் வருடத்து வேகமும் போன வருடத்து வேகமும் அதற்குள் ஒன்றாகக் கரைந்துவிட்டன. போன வருடத்தைத் தனியே பிரித்துக் காட்டக் கம்பிதான் வேண்டும்.

கம்பிகள் மூன்று இடத்துக்குத் தேவை. பள்ளத்தின் தலை மேல்நோக்கி நகர்கிறது, சுவர்கள் பின்வாங்குகின்றன, தரை சில இடத்தில் தாழ்ந்து சில இடத்தில் உயர்கிறது. தலைக்கு மேலே, விளிம்பிலிருந்து 3 மீற்றர் தள்ளி மூன்று முளைகள் அடித்து, முளைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். சுவரிலும் தரையிலும் 6 மில்லிமீற்றர் கம்பியை, அரை மீற்றருக்குமேல் நீளமாக, மேற்பரப்புக்குச் செங்குத்தாக அடித்து ஒரு சிறு நுனியை மட்டும் வெளியே விட்டு, அந்த நுனியின் நீளத்தை எழுதி வைக்க வேண்டும். மண் போகப் போக நுனி நீளும், நீண்ட அளவுதான் அங்கே போன மண்ணின் தடிப்பு. தடித்த கம்பி உறுதியாகத் தெரிந்தாலும் வேண்டாம். அதைச் சுற்றித் தண்ணீர் சுழன்று குழி பறிக்கும், அந்தக் குழியை அரிப்பு என்று எழுதிவிடுவோம். அளக்கும்போதும் தண்ணீர் வரும் பக்கத்தையும் போகும் பக்கத்தையும் விட்டுவிட்டு, இரு பக்கவாட்டிலும் அளந்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு நிலையான இடங்களிலிருந்து, ஒரு மரம், ஒரு வேலிக் கொன்கிரீட் தூண் என்று, தூரம் எழுதி வைப்பது அவசியம். இரும்பு என்பதால் யாராவது பிடுங்கிக்கொண்டு போகலாம், அல்லது வண்டல் மூடிவிடலாம்.

எப்போது அளப்பது? கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை. அவிசாவளைப் பக்கம் இன்னும் அதிகம். மே மாதத்தில் ஒரு உச்சம், ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு உச்சம். ஆகவே பெப்ரவரிக் கடைசியில், வறண்ட காலத்தில் தொடங்கி அடுத்த பெப்ரவரியில் முடித்தால் இரண்டு உச்சங்களும் முழுதாக ஒரே கணக்குக்குள் வரும். ஜூனில் தொடங்கி டிசம்பரில் அளந்துவிட்டு இரண்டால் பெருக்குவது பெரிய பிழை.

நம் பள்ளத்தில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தலை முளைகள் 0.38, 0.50, 0.32 மீற்றர் பின்வாங்கலைக் காட்டுகின்றன. சராசரி 0.40. தலையருகே பரப்பு 0.80 என்பதால் 0.32 கன மீற்றர். சுவர்களின் மொத்தப் பரப்பு 36 சதுர மீற்றர், அங்குள்ள 12 கம்பிகளின் சராசரி 18 மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் போனால் ஒரு லீற்றர் மண். எனவே 648 லீற்றர், 0.65 கன மீற்றர். தரையின் மேல்பாதி 6 சதுர மீற்றரில் 30 மில்லிமீற்றர் தாழ்ந்தது, கீழ்ப்பாதி 6 சதுர மீற்றரில் 15 மில்லிமீற்றர் வண்டல் படிந்தது. படிந்ததைக் கழிக்க வேண்டும்: 0.09. மொத்தம் 1.06 கன மீற்றர், சுமார் 1.5 தொன்.

சராசரி 3.5, இப்போது 1.5. பெரும்பாலான பள்ளங்கள் தொடக்கத்தில் வேகமாக நீண்டு, தலை மேலேற ஏற அங்கே வந்து விழும் தண்ணீர் குறைவதால் மெல்லத் தளர்கின்றன. இந்தப் பள்ளமும் அந்த வழியில் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்த வருட மழையைப் பார்க்க வேண்டும். மழை குறைந்த வருடம் என்றால் ஒரு வருட எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது.

சுவர்க் கம்பிகளில்தான் எனக்கு அதிக எச்சரிக்கை. 12 கம்பிகளில் ஒன்று 4 மில்லிமீற்றர் காட்டும், ஒன்று 55 காட்டும். 55 ஒத்துவரவில்லை என்று அதைத் தூக்கிவிட்டால் சராசரி 14.6 ஆகிவிடும், சுவர்க் கணக்கு 0.65இலிருந்து 0.53க்கு இறங்கும். தூக்காதீர்கள். சுவர் சமமாகத் தேய்வதில்லை, இடையிடையே பாளமாக விழுந்துதான் பின்வாங்குகிறது. பாளத்தோடு கம்பியும் விழுந்துவிட்டால் அதை “அளவு இல்லை” என்று விடுவது அதைவிடப் பெரிய தவறு. அதிகம் போன இடத்தைத்தான் நாம் அழிக்கிறோம். விழுந்த பாளத்தின் தடத்தை நேராக அளவுநாடாவால் அளக்கலாம். 1.5 மீற்றர் நீளம், 0.6 உயரம், 0.25 தடிப்பு என்றால் 0.225 கன மீற்றர். நம் சுவர்களின் ஒரு வருடக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு ஒரே பாளத்தில்!

ஆனால் விழுந்த மண் வெளியேறிய மண் அல்ல. பாளம் தரையில் கிடக்கும்வரை பள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது, அடுத்த பெருமழையில்தான் கீழே போகும். சுவர்க் கம்பி இழப்பு என்று காட்டும்போது தரைக் கம்பி மண்ணுக்குள் புதைந்திருந்தால், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். புதைந்த கம்பியை முன்பு எழுதிவைத்த தூரங்களைக் கொண்டு தேடிப் பிடியுங்கள்.

இதைச் சரிபார்க்க நல்ல வழி, நூல் கட்டிய கரை முளைகளைப் பிடுங்காமல் விட்டுவிடுவது. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே முளைகளில், அதே உயரத்தில் நூல் கட்டி, அதே 20 சென்ரிமீற்றர் புள்ளிகளில் மீண்டும் அளந்தால் வெட்டுமுகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும். தலை நகர்ந்த நீளத்தையும் சேர்த்துக் கனவளவு போட்டு, அந்த வருடங்களின் கம்பிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வெட்டுமுகம் அதிகமாகவும் கம்பி குறைவாகவும் சொன்னால், கம்பி இல்லாத இடத்தில் ஏதோ பாளம் விழுந்திருக்கிறது, சுவரை மறுபடி நடந்து பார்க்க வேண்டும். கம்பி அதிகமாகச் சொன்னால் கம்பிகளின் அடியில் குழி விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. கிடைத்த 1.5 தொன்னைக் காணியின் பரப்பால் வகுத்து ஹெக்டெயருக்கு இத்தனை என்று சொல்ல ஆசை வரும். 40 பேர்ச் காணி, கிட்டத்தட்ட 0.1 ஹெக்டெயர், ஆகவே ஹெக்டெயருக்கு 15 தொன். அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பள்ளத்தை வெட்டும் தண்ணீர் காணியில் பெய்த மழை அல்ல, பெரும்பகுதி வீதியிலிருந்து குழாய் வழியாக வருவது. குழாயைத் திருப்பினால் அதே காணியில், அதே மழையில், தலை முளைகளின் அளவு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும்.