அபார்தைட்: இனவொதுக்கல்

தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘அபார்ட்’ என்றால் தனி. ‘ஹெய்ட்’ நம் ‘-மை’ போன்ற விகுதி. அப்படியே சேர்த்தால் ‘தனிமை’ என்றாகும். தமிழில் அதன் பொருளே வேறு. ‘நிறவெறி’ என்பது பரவலான வழக்கு. ஆனால் வெறி ஒரு மனநிலை. அபார்தைட் என்பதோ மக்களை இனவாரியாகப் பிரித்துவைக்கச் சட்டம் இயற்றி, பதிவேடு வைத்து, அதிகாரிகளைக் கொண்டு நடத்திய ஆட்சிமுறை. அதனால் ‘இனவொதுக்கல்’ என்பதே சரியான சொல்.

தென்னாப்பிரிக்காவில் நிறப் பாகுபாடு பழையது. 1913 நிலச் சட்டமே கறுப்பினத்தவர் நிலம் வாங்கக்கூடிய பகுதியைச் சுருக்கிவிட்டது. 1948-ல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, அந்தப் பாகுபாட்டை ஆளுக்கு ஆள் எழுதிவைத்தது. 1950-ன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொருவரும் வெள்ளையர், கலப்பினத்தவர், கறுப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டனர். இந்தியர்கள் பின்னர் தனிப் பிரிவாயினர். மற்ற சட்டங்கள் எல்லாம் இந்தப் பதிவின்மேல்தான் நின்றன. யாரை மணக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அதுவே முடிவு செய்தது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குடியிருப்புப் பகுதி வகுத்த, அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து தமிழர் உள்ளிட்ட இந்தியக் குடும்பங்களும் பெயர்க்கப்பட்டன.

இதன் ஓட்டை வரையறையிலேயே இருந்தது. தோற்றத்தில் வெள்ளையராகத் தெரிபவர் அல்லது சமூகம் வெள்ளையராக ஏற்பவரே வெள்ளையர் என்றது சட்டம். தோற்றத்தை யார் அளப்பது? தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் சொன்ன கொடுமையும் நடந்தது. 1966-ல் பியட் ரெட்டீஃப் ஊரில், வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த பத்து வயதுச் சிறுமி, நிறமும் முடியும் காரணமாகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கலப்பினத்தவர் என மாற்றிப் பதியப்பட்டாள். தந்தை விடாமல் போராடினார். இருவரும் வெள்ளையர் எனப் பதிவான பெற்றோரின் பிள்ளையும் வெள்ளையரே என்று 1967-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அவள் பதிவு மீண்டும் மாறியது. ஒரே குழந்தை, இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பதிவுகள்.

இது படிப்படியாகத்தான் கழன்றது. உள்நாட்டுப் போராட்டமும் வேலைநிறுத்தங்களும் வெளிநாட்டுப் பொருளாதாரத் தடைகளும் நெருக்க, கலப்பு மணத் தடை 1985-லும், கறுப்பினத்தவர் நகரில் நடமாடத் தேவைப்பட்ட அனுமதிப் புத்தகம் 1986-லும் நீங்கின. 1990 பிப்ரவரியில் அதிபர் டி கிளெர்க் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்கி, நெல்சன் மண்டேலாவை விடுவித்தார். நிலச் சட்டங்களும் குழுப் பகுதிகள் சட்டமும் பதிவுச் சட்டமும் 1991-ல்தான் நீக்கப்பட்டன. அப்போதும் புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு மட்டுமே இனப் பதிவு நிறுத்தப்பட்டது. இனவாரியாக மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றம் நீடித்ததால் பழைய பதிவுகள் அழிக்கப்படவில்லை. 1994 ஏப்ரல் 27-ல் இடைக்கால அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்று எல்லா இனத்தவரும் ஒன்றாக வாக்களித்தபோதுதான் அந்தப் பதிவேட்டுக்குச் சட்டத்தில் வேலையில்லாமல் போனது.