எம்.டி. 'ஓகே' சொன்னது எதற்கு?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாளில் பாதி நேரம் மெயிலில்தான் போகும். நாம் எழுதுவது நாம் அனுப்பிய ஆளோடு நிற்பதும் இல்லை. என் டீமில் ஒரு பெண் எனக்கு எழுதினால் நான் அதை எம்.டி.க்கு அனுப்புவேன், அவர் பையிங் ஏஜென்டுக்கு அனுப்புவார், அங்கிருந்து லண்டனில் இருக்கும் பையருக்குப் போகும். நான்காவது ஆளிடம் சேரும்போது அந்த மெயிலை எழுதியவர் யார் என்றே அவருக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், நான் இருந்த கம்பெனியில் நடந்தது இது. 18,000 டி-சர்ட், வெள்ளை, கிரே, நேவி என மூன்று நிறம், நிறத்துக்கு 6,000. வெள்ளையும் கிரேயும் தயார். நேவி துணி மட்டும் டையிங்கிலிருந்து வந்தபோது, பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப், அதாவது சாயமேற்றிக் காட்டிய மாதிரித் துணித் துண்டு, அதைவிடக் கருப்படித்து இருந்தது. சாயத்தை உரித்து மறுபடி ஏற்ற ஆறு நாள் கேட்டார்கள். தூத்துக்குடியில் நம் கப்பலுக்கு கட் ஆஃப், அதாவது சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடைசி நாள், மார்ச் 14. டீமில் இருந்த பெண் புதன்கிழமை, மார்ச் 5 அன்று, எனக்கு எழுதினார். மெயில் ஆங்கிலத்தில் இருந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன்:

"அண்ணா, கீழே உள்ளபடி மறுபடியும் அதே பிரச்சினை. அவங்க கேட்கிற ஆறு நாள் கொடுத்தால் கப்பல் போய்விடும். நேற்று பேசியபடி இரண்டாவது வழியே சரி என்று நினைக்கிறேன். எம்.டி. சாரிடம் கேட்டு அதையே கன்ஃபார்ம் செய்யுங்கள். நாளைக்குள் சொன்னால் நல்லது."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. முந்தைய நாள் அவரோடு பேசியவன் நான்தானே. மேலே "சார், கீழே பாருங்க, ஓகேவா?" என்று ஒரு வரி போட்டு, பதினான்கு மெயில் வாலோடு பார்வர்டு செய்துவிட்டேன். எம்.டி. வெளியூரில் இருந்தார், போனில் பார்த்தார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "ஓகே."

நாங்கள் இருவரும் பேசிய இரண்டாவது வழி, நேவியை மட்டும் பிரித்து அடுத்த வாரக் கப்பலில் அனுப்புவது. எம்.டி. கீழே இறங்கிப் படித்ததில், பத்து நாள் பழைய மெயில் ஒன்றில் வழிகள் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தன. அந்தப் பட்டியலில் 2 என்பது விமானம். அவர் அதற்குத்தான் ஓகே சொன்னார், ஏஜென்டைப் போனில் கூப்பிட்டு "நேவி ஏரில் வரும்" என்றும் சொல்லிவிட்டார். எங்களுக்கு இது தெரிந்தபோது மறுநாள் மதியம். பையர் அதற்குள் தன் கடைகளுக்குத் தேதி கொடுத்துவிட்டார். பெட்டியோடு சேர்த்து 1,200 கிலோ, விமானச் செலவு மூன்று லட்சத்துக்கு மேல், நம் கணக்கில்.

அந்தப் பெண்ணைக் கேட்டேன். "கீழ எல்லாமே இருக்குங்ணா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். எல்லாமே இருந்தது, அதுவும் ஒரு பிரச்சினை. வாலில் மெயில்கள் தலைகீழாக அடுக்கியிருக்கும், கடைசியாக எழுதியது மேலே. கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் அடியிலிருந்து மேலே ஏறிப் படிக்க வேண்டும். போனில் பாதி மூன்று புள்ளிக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவசரத்தில் இருப்பவர் அதைத் திறப்பதில்லை, திறந்தால் தவறான இடத்தில் நிற்கிறார். ஆனாலும் தவறு என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எழுதியவர் எனக்காக எழுதினார், எம்.டி.க்காக அதைத் திருப்பி எழுத வேண்டியவன் நான்.

அன்றிலிருந்து பார்வர்டு பொத்தானை அழுத்துமுன் ஒன்று செய்கிறேன். மெயிலில் விரல் நீட்டும் சொற்களைத் தேடுகிறேன். அது, அதையே, அவங்க, மறுபடியும், கீழே, பேசியபடி, இரண்டாவது வழி. ஒவ்வொன்றும் மெயிலுக்கு வெளியே எதையோ காட்டுகிறது, படிப்பவர் அங்கே இல்லை. நம் ஆபீஸ் ஆங்கிலத்தில் இதற்கென்றே சில பழக்கங்கள் உண்டு: 'ப்ளீஸ் கன்ஃபார்ம் த சேம்', 'டூ த நீட்ஃபுல்', 'ஆஸ் டிஸ்கஸ்ட்'. 'த சேம்' என்று வந்த இடத்தில் எதை என்று எழுதிப் பார்த்தால், எழுதியவருக்கே அது தெளிவாக இல்லை என்பது பல நேரம் வெளியே வரும். மேலே உள்ள ஐந்து வரியில் 'அவங்க' டையிங்கா பையரா என்பதே தெரியாது.

வழிகளுக்கு எண் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். எண்ணுக்கு அந்தப் பட்டியலுக்கு வெளியே உயிரில்லை. 'கடலில், ஒரு வாரம் தள்ளி', 'விமானத்தில்' என்று பெயர் வைத்தால் எத்தனை கை மாறினாலும் குழம்பாது, பதில் எழுதுபவரும் அந்தப் பெயரையே எழுதுவார்.

நேரம் சொல்லும் சொற்களும் இப்படித்தான். 'நாளை' என்பது எழுதியவரின் நாளை. இரண்டு நாள் கழித்துப் படிப்பவருக்கு அது போன தேதி. மார்ச் மாதத்தில் பெரும்பாலும் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். 'மாலைக்குள்' என்றால் யாருடைய மாலை? அதனால் தேதி, கிழமை, மணி, இந்திய நேரம் என்று எழுதிவிடுகிறேன். 05/03 என்று மட்டும் போடாமல் மாதத்தை எழுத்தில் எழுதுவதும் நல்லது, அமெரிக்க பையர் அதை மே 3 என்று படிப்பார்.

அன்று நான் அனுப்பியிருக்க வேண்டிய மெயில் இது. தலைப்பில் Fwd: Re: Re: வரிசையை அழித்துவிட்டு:

"மார்ச் 6 வியாழன் மாலை 4 மணிக்குள் (இந்திய நேரம்) முடிவு வேண்டும்: நேவி 6,000 பீஸ் ஒரு வாரம் தள்ளிக் கடலில் போகலாமா?"

உள்ளே:

"சார், 18,000 டி-சர்ட் ஆர்டரில் நேவி 6,000 பீஸை மட்டும் பிரித்து, அடுத்த வாரக் கப்பலில் (கட் ஆஃப் மார்ச் 21) அனுப்ப பையரிடம் அனுமதி கேட்கலாமா? வெள்ளை, கிரே 12,000 பீஸ் திட்டப்படி மார்ச் 14 கட் ஆஃப் கப்பலில் போகும்.

காரணம்: நேவி துணி, பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப்பைவிடக் கருப்பாக இருக்கிறது. லைட் பாக்ஸில் வைத்து எடுத்த படம் இணைப்பில். டையிங் யூனிட் மறுபடி சாயமேற்றி மார்ச் 12 அன்று துணி தருகிறது. தையல், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து மார்ச் 19 அன்று சரக்கு தயார்.

இன்னொரு வழி, நேவியை விமானத்தில் அனுப்புவது. சுமார் 1,200 கிலோ, மூன்று லட்சத்துக்கு மேல் நம் செலவு. பையர் தாமதத்தை மறுத்தால் மட்டும் இதைப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

4 மணி ஏன் என்றால், அதற்குப் பிறகு 14-ஆம் தேதிக் கப்பலின் புக்கிங்கில் பெட்டி எண்ணிக்கையை மாற்ற முடியாது."

முதலில் கேள்வி, பிறகுதான் கதை. போனில் முதல் இரண்டு வரி மட்டும் படித்துவிட்டு ஓகே சொன்னாலும் அந்த ஓகே எதற்கு என்பதில் சந்தேகம் வராது. அவ்வளவுதான் இதில் உள்ள தந்திரம். நீளம் பழையதைவிட மூன்று மடங்குக்கு மேல், ஆனால் வால் இல்லை.

வாலை வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. அந்தப் பதினான்கு மெயிலில் எங்காவது நம் துணி விலை இருக்கும், அல்லது "இந்த பையர் எப்பவும் இப்படித்தான்" என்று யாரோ எழுதியிருப்பார்கள். எம்.டி. அதை அப்படியே ஏஜென்டுக்குத் தட்டிவிட்டால் முடிந்தது. அதனால் வெளியே போகக்கூடிய மெயிலைப் புதிதாகத் தொடங்கி எழுதுகிறேன். எம்.டி.க்கு மட்டும் சொல்ல வேண்டியது இருந்தால் (மேலே உள்ள மெயிலில் விமானச் செலவு பற்றிய பத்தி அப்படிப்பட்டதுதான்) தனி மெயில். 'அனுப்பும்போது இந்தப் பத்தியை அழித்துவிடுங்கள்' என்று எழுதி ஒரே மெயிலில் வைப்பவர்கள் உண்டு. அழிக்க மறப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இணைப்புகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மெயிலை பார்வர்டு செய்தால் அந்த மெயிலின் இணைப்பு கூடவே போகும். ஆனால் வாலில் இருக்கும் பழைய மெயில்களின் இணைப்புகள் போகாது, அவற்றின் எழுத்து மட்டும்தான் போகும். மூன்று மெயிலுக்கு முன் வந்த லைட் பாக்ஸ் படம் அதில் இருக்காது. உள்ளேயே ஒட்டிய படங்களும் சில நேரம் image001.png என்ற வெறும் பெயராக மிஞ்சும். டிரைவ் லிங்க் என்றால், நமக்குத் திறப்பது லண்டனில் திறக்க வேண்டும் என்பதில்லை. அனுமதி கேட்டு நிற்கும். தேவையான ஒரே படத்தைப் புதிதாக இணைத்து, அதில் என்ன தெரிகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். 'என் பதில்கள் சிவப்பில்' என்ற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், வெறும் எழுத்தாக மாறும் இடத்தில் நிறம் காணாமல் போய்விடும்.

எல்லா நேரமும் வாலை வெட்டலாமா என்றால், இல்லை. டையிங் யூனிட்டோடு யார் செலவை ஏற்பது என்ற தகராறு வந்தால் அவர்கள் எழுதிய மூல மெயில் அப்படியே வேண்டும். அப்போது சுருக்கத்தை மேலே எழுதி, மூல மெயிலைத் தனி ஃபைலாக இணைக்கிறேன். மற்றவர் சொன்னதை நான் சுருக்கும்போது "டையிங் யூனிட் மார்ச் 4 அன்று எழுதியதன் சுருக்கம், எழுதியது நான்" என்று சொல்லிவிடுவேன். அவர்கள் 'ஆறு நாள் ஆகலாம்' என்று எழுதியதை நான் 'ஆறு நாளில் தருகிறார்கள்' என்று திருத்தியிருந்தால், அந்த வாக்குறுதி யாருடையது என்று பிறகு சண்டை வரும். மேலே உள்ள என் மாதிரி மெயிலிலேயே 'மார்ச் 12 அன்று துணி தருகிறது' என்று இருக்கிறது பாருங்கள். அவர்கள் அன்று எழுதியது 'தர முயல்கிறோம்'. இதை எழுதி முடித்துப் பழைய மெயிலோடு ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது.