ஆபீஸ் குரூப்ல ஸ்டிக்கர் போடுறதுக்கு முன்னாடி, மேல என்ன மெசேஜ் இருக்குன்னு பாருங்க

போன வாரம் ஒருத்தர் கையில மெமோவோட வந்தாரு. அரசு அலுவலகத்துல உதவியாளர், இருபது வருஷ சர்வீஸ், இதுவரைக்கும் ஒரு கரும்புள்ளி கிடையாது. சர்வீஸ் மேட்டர் பாக்குற வக்கீலா நான் சொல்றேன், இந்த ஒரு வருஷத்துல வாட்ஸ்அப் குரூப்பால வந்த மெமோ எனக்கு இது நாலாவது. அதான் உட்கார்ந்து எழுதுறேன்.

நடந்தது இதுதான். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு அலுவலக குரூப்ல ஒருத்தர் "நாளைக்கு ஆடிட் பார்ட்டி வரலையாம், தள்ளி வச்சுட்டாங்க"ன்னு போட்டிருக்காரு. நம்ம ஆளு சந்தோஷத்துல வடிவேலு ஆடுற ஸ்டிக்கர் ஒண்ணைத் தட்டிட்டு, போனை ஓரமா வச்சுட்டுப் படுத்துட்டாரு. அவர் தட்டினதுக்கும் ஸ்டிக்கர் போய்ச் சேர்ந்ததுக்கும் நடுவுல இருந்த ரெண்டு நிமிஷத்துல கண்காணிப்பாளர் இன்னொரு மெசேஜ் போட்டிருக்காரு, அந்த ஆபீஸ்ல ரிட்டையர் ஆன ஒரு மேடம் இறந்துட்டாங்கன்னு. நெட்வொர்க் மந்தமா இருந்ததால ஸ்டிக்கர் லேட்டா போய் எல்லார் போன்லயும் இரங்கல் செய்திக்கு நேர் கீழ உட்கார்ந்திருக்கு. காலையில எந்திரிச்சுப் பாத்தா மிஸ்டு கால் மேல மிஸ்டு கால். பதறிப்போய் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' பண்ணிட்டாரு. அதுக்குள்ள நாலு பேரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. அடுத்த வாரம் 17பி வந்துருச்சு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகள்ல 17ஏ சின்ன தண்டனைக்கு, 17பி பெரிய தண்டனைக்கு, வேலையை விட்டு நீக்குற வரைக்கும் போகலாம்.

என்கிட்ட வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், ஒரு வார்த்தை கூட நான் எழுதலையே, ஸ்டிக்கர்தானே?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. எழுதலைன்னா சொல்லலைன்னு அர்த்தமில்லைங்க. உங்க பேர்ல, உங்க நம்பர்ல இருந்து, ஒரு நேரத்தோட போன எதுவும் நீங்க சொன்னதுதான். அதுலயும் ஸ்டிக்கருக்கும் எமோஜிக்கும் சொந்தமா ஒரு அர்த்தம் கிடையாது, மேல எந்த மெசேஜ் இருக்கோ அதுல இருந்துதான் அர்த்தத்தை வாங்கிக்குது. வார்த்தைன்னா "ஆடிட் தள்ளிப்போனது சந்தோஷம்"னு எங்க விழுந்தாலும் அதே அர்த்தம்தான், ஆடுற வடிவேலு அப்படி இல்ல.

ஒரே கட்டைவிரல் ரெண்டு கோர்ட்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. 2018ல மேகாலயாவுல ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருத்தரைக் கீழ வேலை பாத்தவரே சுட்டுக் கொன்னுட்டாரு. அந்தச் செய்தி அவங்க குரூப்ல வந்தப்போ ஒரு காவலர் 👍 போட்டாரு. கொலையைக் கொண்டாடுறான்னு சொல்லி வேலையை விட்டே நீக்கிட்டாங்க. கேஸ் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 2024ல டிவிஷன் பெஞ்ச் சொன்னது, அதை 'ஓகே'ங்கிறதுக்குப் பதிலாப் போட்டதா எடுத்துக்கலாம், செய்தியைப் பாத்தேன்னு சொன்னதுதான், கொண்டாட்டம் இல்லன்னு. வேலை திரும்பக் கிடைச்சுது, ஆனா நடுவுல எத்தனை வருஷம் போச்சு. இந்தப் பக்கம் கனடாவுல ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, உறுதிப்படுத்துங்கன்னு கேட்டாங்க, அவர் 👍 போட்டாரு. சரக்கு அனுப்பலை. "பாத்தேன்னுதான் போட்டேன்"னு அவரும் வாதாடினாரு, 2023ல கோர்ட் ஒத்துக்கல, கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம்னு சொல்லி 82 ஆயிரம் கனடா டாலருக்கு மேல நஷ்டஈடு போட்டுச்சு. மேல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. சென்னையில 'பாத்தேன்', கனடாவுல 'சம்மதம்'. நீங்க எதை நினைச்சுப் போட்டீங்கங்கிறது உங்க மனசுக்குத்தான் தெரியும்.

அதனால அலுவல் குரூப்ல ஒரு வார்த்தை டைப் பண்ணுங்க, தயவுசெஞ்சு. 'பார்த்தேன்', 'செய்றேன்', 'சம்மதம்' மூணும் வேற வேற. மெசேஜைப் பிடிச்சு இழுத்து ரிப்ளையா போட்டீங்கன்னா எதுக்குப் பதில்னு அது மேலயே ஒட்டிக்கும், எவ்வளவு லேட்டா போனாலும் அந்த ஒட்டு விலகாது, அந்த உதவியாளர் இதைப் பண்ணியிருந்தா மெமோவே வந்திருக்காது. இரங்கல் செய்திக்கு 😂 போடுற பெரியவங்க இன்னும் இருக்காங்க, கண்ணுல தண்ணி இருக்கறதால அழுகைன்னு நினைச்சுப் போடுறாங்க, அது விழுந்து விழுந்து சிரிக்கிற முகம். 'ஆழ்ந்த இரங்கல்'னு ரெண்டு வார்த்தை எழுதிடுங்க. ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். எமோஜியாவது டைப் பண்ற கட்டத்துல நின்னு அனுப்பவான்னு காத்திருக்கும், ஸ்டிக்கர் கை பட்ட உடனே போயிரும்.

தப்பா போயிருச்சுன்னா? அழிக்காதீங்க. இதுதான் எல்லாரும் பண்ற ரெண்டாவது தப்பு. நம்ம ஆளோட போன்ல அந்த ஸ்டிக்கர் ஆடிட் மெசேஜுக்குக் கீழ, இரங்கலுக்கு மேலதான் இருந்திருக்கு, ஏன்னா அவர் தட்டும்போது இரங்கல் அவர் போனுக்கு வரவே இல்ல. அதுதான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி. அழிச்சதுல 'நீங்கள் நீக்கிய செய்தி'ன்னு இடமும் நேரமும் மட்டும் மிஞ்சியிருக்கு, படம் போயிருச்சு, அதோட "குற்றம் இல்லன்னா ஏன் அழிச்சே"ங்கிற கேள்வியும் வந்து ஒட்டிக்கிச்சு. அழிக்காம முதல்ல உங்க போன்லயே மேல கீழ தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அந்த ஸ்டிக்கருக்கே ரிப்ளை போட்டு "இது ஆடிட் செய்திக்குப் போட்டது, இரங்கல் செய்தியை அப்போ பாக்கலை, மன்னிக்கணும்"னு எழுதுங்க, மேலதிகாரிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. போனை மாத்தாதீங்க, ஃபார்மேட் பண்ணாதீங்க. 2024 ஜூலையில வந்த புது சாட்சியச் சட்டத்துல பிரிவு 63ன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் குடுக்கணும், கேஸ் கோர்ட்டுக்குப் போனா மூல போன் கையில இருக்கிறது எவ்வளவு உதவின்னு அப்போ தெரியும்.

வாய்ஸ் நோட்டு வேற தலைவலி. புயல் நேரத்துல முகாமுக்கு அரிசி மூட்டை எத்தனைன்னு ஒருத்தர் மழைச் சத்தத்துல பேசி அனுப்பினாரு. 'எம்பது'ன்னு சொன்னது அந்தப் பக்கம் 'அம்பது'ன்னு கேட்டுருச்சு, முப்பது மூட்டை குறைஞ்சுபோச்சு, அதுக்கு விளக்கம் கேட்டு வந்த மெமோவும் என் மேசைக்குத்தான் வந்துச்சு. நம்ம பேச்சுல அம்பதும் எம்பதும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். எண், தேதி, ஆள் பேரு, இடம் இது எதுவா இருந்தாலும் எழுதுங்க. பைக்ல போயிட்டிருக்கீங்க, பேசித்தான் ஆகணும்னா முப்பது வினாடிக்குள்ள பேசி, வண்டியை நிறுத்தினதும் கீழ "80 மூட்டை, இன்னைக்கு சாயங்காலம் 5க்குள்ள"ன்னு ஒரு வரி போடுங்க. கலெக்டர் மீட்டிங்ல உட்கார்ந்திருக்கவர் உங்க மூணு நிமிஷ குரலை எப்படிக் கேப்பாரு?

அதிகாரிகளுக்கும் ஒண்ணு கேட்டுக்கிறேன். உத்தரவு, இரங்கல், ஆடிட் அரட்டை எல்லாத்தையும் ஒரே குரூப்ல கொட்டாதீங்க. உத்தரவு குரூப்ல அட்மின் மட்டும் போடுற மாதிரி செட்டிங் வைங்க. பதில் வேணும்னா மெசேஜ்லயே "பார்த்தவர்கள் 'பார்த்தேன்' என்று எழுதவும்"னு கேளுங்க, கட்டைவிரலை வச்சு யாரு ஒத்துக்கிட்டாங்க யாரு ஒத்துக்கலைன்னு கணக்கெடுக்காதீங்க. அந்த உதவியாளர் இறந்துபோன மேடம் வீட்டுக்கு நேர்ல போய் நடந்ததைச் சொல்லிட்டு வந்திருக்காரு, அவங்க மகன் புரிஞ்சுக்கிட்டாராம். மெமோவுக்கு விளக்கம் எழுதி முடிச்சாச்சு, திங்கக்கிழமை குடுக்கிறோம்.