பொழுது மண்டலம் வேண்டாம், நேர வலயமே போதும்

உலக நேரப் பிரிவுகளைக் குறிக்க ‘பொழுது மண்டலம்’ என்ற சொல் அண்மைக் காலமாக அடிக்கடி கண்ணில் படுகிறது. பாடக் குறிப்புகளிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் அதைப் பார்த்துச் சலித்தும் நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் ‘வடதுருவத்தை ஒட்டிய ஊர்களில் நான்கு மாதம் பொழுது சாயாது, ஆகவே அங்கே பொழுது மண்டலம் பொருந்தாது’ என்று ஒரு கட்டுரை எழுதியதைப் படித்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. அங்கே சொல்லின் பிழை செய்தியின் பிழையாகவே மாறிவிட்டது.

வேரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் ‘ஜோன்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு அரைக்கச்சை என்று பொருள். பூமியைக் கச்சை போலச் சுற்றியிருக்கும் வெப்பப் பகுதி, குளிர்ப் பகுதி ஆகியவற்றுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தார்கள். ரயில் வந்து ஊருக்கு ஊர் வேறுபட்ட மணியை ஒழுங்கு செய்ய வேண்டியிருந்த 19-ஆம் நூற்றாண்டில்தான் அது நேரத்தோடு சேர்ந்தது. தமிழில் ‘நேர வலயம்’, ‘நேர மண்டலம்’ இரண்டும் வழக்கில் உள்ளன. ‘பொழுது மண்டலம்’ பிறகு வந்து சேர்ந்தது.

பொழுது நல்ல தமிழ்ச் சொல். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் உயிர் சூரியனில் இருக்கிறது. பொழுது புலர்கிறது, ஏறுகிறது, சாய்கிறது என்று நாம் சொல்லும்போது சூரியனைத்தான் சொல்கிறோம். சிறுபொழுது ஆறில் ஒன்றான எற்பாடு என்ற சொல்லுக்கே சூரியன் படும் வேளை, அதாவது மறையும் வேளை என்று பொருள். கடிகார நேரம் இப்படிப்பட்டது அல்ல. அது ஓர் அரசு எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் நம் ஊரில் குழப்பம் தெரியாது, ஏனென்றால் இங்கே சூரியனும் கடிகாரமும் ஏறத்தாழச் சேர்ந்தே நடக்கின்றன. இரண்டும் பிரியும் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் தகுதி தெரியும்.

அப்படி ஓர் இடம் லாங்யியர்பியன். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், ஏறத்தாழ 78 பாகை வடக்கில் இருக்கும் ஊர். ஏப்ரல் 20 வாக்கில் அடிவானத்துக்கு மேலே வரும் சூரியன் ஆகஸ்ட் 20-ஐத் தாண்டும் வரை மறைவதில்லை. அக்டோபர் கடைசியில் போனால் பிப்ரவரி நடு வரை எழுவதில்லை. அப்போதும் மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிறது. பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் அன்று வெயில் படுவதைப் பார்க்க ஊரே கூடி நின்று கொண்டாடுகிறது.

இந்த ஊருக்கு எந்த மணியும் பொருந்தும் என்று தோன்றலாம். ஆனால் ஊர் வைத்திருப்பது தலைநகர் ஆஸ்லோவின் மணி. கிரீனிச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால். கோடையில் இரண்டு மணி நேரம். விமான அட்டவணை, வங்கி, தலைநகரத்து அலுவலகங்கள் எல்லாம் அந்த மணியில் நடக்கின்றன. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே தள்ளுகிறார்கள்; அநேகமாகச் சூரியன் போய்விடும் அதே வாரத்தில். கோடையில் வெளிச்சத்தை மிச்சப்படுத்தத் தேவையே இல்லாத ஊரில் இந்த ஒரு மணி நேர மாற்றத்துக்குச் சூரியக் காரணம் எதுவும் கிடையாது. தலைநகரத்தோடு மணி ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே காரணம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை 15 பாகை கிழக்கு. லாங்யியர்பியன் அதற்கு மிக அருகில் இருக்கிறது. ஆஸ்லோ 10.75 பாகையில் இருப்பதால் அங்கே சூரிய உச்சி சராசரியாக 12:17-க்கு வருகிறது, லாங்யியர்பியனிலோ 11:58-க்கு. ஆஸ்லோவின் மணி ஆஸ்லோவை விட இந்த வட ஊரின் சூரியனுக்கே நன்றாகப் பொருந்துகிறது. கோடை நேரத்தில் இதுவும் நகர்ந்துவிடும். நள்ளிரவுச் சூரியன் சரியாக வடக்கில், மிகத் தாழ்வாக நிற்பது அங்கே 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ ஒரு மணிக்கு. பொழுதும் நேரமும் வேறு வேறு என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

மண்டலத்துக்கு வருவோம். தூய்மைக்காகப் பொழுதைச் சேர்த்தவர்கள் அடுத்ததாக வடசொல்லான மண்டலத்தை வைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு மண்டலம் மருந்து சாப்பிடு என்றால் 48 நாள் என்று நமக்குத் தெரியும். காலத்தை அளக்கும் சொல்லாக ஏற்கெனவே இருப்பதை நேரத்தின் பக்கத்தில் வைத்தால் படிப்பவர் தடுமாறத்தான் செய்வார். வலயமும் வடசொல்தான், அதுவும் வட்டத்தைக் குறிப்பதுதான். நேரப் பிரிவோ ஆரஞ்சுச் சுளை போலத் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடுகிறது. நிலநடுக்கோட்டில் சுமார் 1,670 கிலோமீட்டர் அகலமாக இருக்கும் 15 பாகைச் சுளை, லாங்யியர்பியன் இருக்கும் 78 பாகை வடக்கில் சுமார் 340 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகையால் வலயத்தின் வடிவத்தை நான் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அது பலருக்கும் பழகிய சொல், வேறு பொருளோடு மோதுவதில்லை. எனக்கு அது போதும்.

சிலர் ‘சூரிய நேரப் பகுதி’ என்றும் எழுதுகிறார்கள். கிரீன்லாந்தைப் பார்த்தால் அதுவும் நிற்காது. பனிப்பாறைகளுக்குப் பேர்போன இலுலிசாட், மேற்குக் கரையில் 69 பாகை வடக்கில், 51 பாகை மேற்கில் இருக்கிறது. அங்கே நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி 13 வாக்கில்தான் திரும்புகிறது. சூரியக் கணக்கில் அந்த ஊர் கிரீனிச்சுக்கு மூன்றரை மணி நேரம் அளவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நெடுங்காலம் மூன்று மணி நேரம் பின்னால் இருந்தது. 2023-இல் கிரீன்லாந்து அதை இரண்டாக்கியது. அதனால் அங்கே சூரிய உச்சி குளிர்காலத்தில் 1:24 வாக்கிலும் கோடையில் 2:24 வாக்கிலும் வருகிறது. சூரியனிடமிருந்து விலகிப் போகிறோம் என்று தெரிந்தேதான் செய்தார்கள். டென்மார்க்கோடும் ஐரோப்பாவோடும் அலுவலக நேரம் கூடுதலாக ஒன்றுசேர வேண்டும் என்பது நோக்கம்.

கிழக்குக் கரையில் இருக்கும் இட்டொக்கொர்ட்டூர்மீட், 22 பாகை மேற்கில் உள்ள சிற்றூர். அதற்கும் இலுலிசாட்டுக்கும் சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம். முன்பு அது கிரீனிச்சுக்கு ஒரு மணி நேரம் பின்னால் தனியாக நின்றது. 2024-இல் அதுவும் தலைநகர் நூக்கின் மணிக்கு வந்துவிட்டது. இலுலிசாட் தன் கடிகாரத்தைக் கிழக்கே தள்ளியது, இட்டொக்கொர்ட்டூர்மீட் மேற்கே தள்ளியது; இரண்டும் இன்று ஒரே நேர வலயம். இந்தச் செய்தியில் சூரியன், பொழுது என்று எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் வாக்கியம் பொய்யாகிவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லை உருவாக்கும் முன் அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டாமா? 2019-இல் நார்வேயின் சொம்மாராய் தீவு கடிகாரத்தையே ஒழிக்கப் போகிறது என்று ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. அது அரசு சார்ந்த சுற்றுலா விளம்பர முயற்சி என்று சில நாட்களிலேயே வெளிப்பட்டது. ‘நேரமற்ற மண்டலம்’ என்ற தமிழாக்கத்தோடு அதை உண்மைச் செய்தியாக இன்றும் பகிர்கிறார்கள். சொம்மாராய் அன்றும் இன்றும் நார்வேயின் நேர வலயத்தில்தான் இருக்கிறது.