நூல் செலவு ஏன் ரூ.16.64 லட்சம் கூடியது? காலாண்டு அறிக்கையில் காரணத்தை எழுதும் முறை

"நூல் செலவு பட்ஜெட்டைவிட 29.7 சதவீதம் அதிகம். காரணம்: உற்பத்தி கூடியது, நூல் விலை உயர்ந்தது." காலாண்டு நிதி அறிக்கைகளில் இந்த மாதிரி வரியை அடிக்கடி பார்க்கலாம். தவறான வரி என்று சொல்ல முடியாது. ஆனால் இதைப் படிக்கும் உற்பத்தி மேலாளருக்கும் மெர்ச்சன்டைசருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. விலை உயர்ந்ததால் செலவு உயர்ந்தது என்பது நடந்ததையே இன்னொரு முறை சொல்வதுதான். எந்த முடிவால் அந்த விலைக்கு வாங்க நேர்ந்தது என்பதுதான் காரணம்.

திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டின் ஜூலை–செப்டம்பர் காலாண்டை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக எண்களை எளிமையாக வைத்திருக்கிறோம். பட்ஜெட்டில் 1,00,000 பீஸ். சேதாரம் உட்பட பீஸுக்கு 200 கிராம் நூல். கிலோ ரூ.280. ஆக 20,000 கிலோ, ரூ.56 லட்சம். நடந்தது வேறு: 1,20,000 பீஸ் தைத்தார்கள், 25,200 கிலோ நூல் செலவானது, ரூ.72.64 லட்சம் ஆனது. வித்தியாசம் ரூ.16.64 லட்சம்.

முதலில் செய்ய வேண்டியது பட்ஜெட்டை உண்மையான உற்பத்திக்கு ஏற்றபடி திருத்துவது. 1,20,000 பீஸுக்கு 24,000 கிலோ வேண்டும், ரூ.280 வீதம் ரூ.67.20 லட்சம். கூடுதல் பீஸ் தைத்ததால் மட்டும் ரூ.11.20 லட்சம் ஏறியிருக்கிறது. ஆர்டர் வந்ததால் ஆன செலவு இது, யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மீதி ரூ.5.44 லட்சத்தில், அளவுக்கு மேல் போன 1,200 கிலோவுக்கு ரூ.280 வீதம் ரூ.3.36 லட்சம். விலை வித்தியாசம் ரூ.2.08 லட்சம். பாடப்புத்தகக் கணக்கு இங்கே முடிந்துவிடும். பெரும்பாலான அறிக்கைகளும் இந்த மூன்று எண்களோடு நின்றுவிடும்.

ஆனால் இந்தப் பிரிப்பு கணக்கருக்கு உதவுகிற அளவுக்கு மற்றவர்களுக்கு உதவாது. கொள்முதல் பில்களைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். மில்லோடு முன்பே பேசி வைத்த 20,000 கிலோ ரூ.280-க்கே வந்திருக்கிறது. அதற்கு மேல் அவசரமாக வாங்கிய 5,200 கிலோதான் ரூ.320. அந்த 5,200 கிலோவில் 4,000 கிலோ, ஆகஸ்ட் நடுவில் ஒப்புக்கொண்ட 20,000 பீஸ் கூடுதல் ஆர்டருக்காக வாங்கியது. மீதி 1,200 கிலோ, பீஸுக்கு 200 கிராமுக்குப் பதில் 210 கிராம் போனதால் வாங்க நேர்ந்தது.

இப்போது ஒரே ஒரு கேள்வி: இது நடக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? அந்தப் பத்து கிராம் கூடாமல் இருந்திருந்தால் 1,200 கிலோவை ரூ.320-க்கு வாங்கியிருக்கவே வேண்டாம். ஆக அதன் உண்மையான விலை ரூ.3.36 லட்சம் அல்ல, ரூ.3.84 லட்சம். கூடுதல் ஆர்டரின் நூல் செலவு, 4,000 கிலோவுக்கு ரூ.12.80 லட்சம். இரண்டையும் கூட்டினால் அதே ரூ.16.64 லட்சம். மூன்று கணக்குப் பெயர்கள் போய், இரண்டு நிகழ்வுகள் மட்டும் நிற்கின்றன. அந்த 1,200 கிலோவில் 200 கிலோ கூடுதல் ஆர்டரின் பீஸ்களில்தான் போயிருக்கிறது என்று யாராவது கேட்கலாம். எடையைச் சரிசெய்திருந்தால் அதுவும் மிச்சமாகியிருக்கும் என்பதால் எடையின் கணக்கிலேயே வைக்கிறோம். எங்கே வைத்தோம் என்பதை அறிக்கையில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, வரவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். செலவை மட்டும் காட்டினால் ஆர்டர் எடுத்ததே தவறு போலத் தெரியும். பீஸ் விற்பனை விலை ரூ.150, நூல் தவிர்த்த மற்ற நேரடிச் செலவு ரூ.70 என்றால், கூடுதல் ஆர்டரில் வரவு ரூ.30 லட்சம். அதில் ரூ.14 லட்சமும் நூலுக்கான ரூ.12.80 லட்சமும் போனால் ரூ.3.20 லட்சம் நிற்கிறது. பட்ஜெட் விலைக்கு நூல் கிடைத்திருந்தால் ரூ.4.80 லட்சம் நின்றிருக்கும். ஆக, ஆர்டர் எடுத்தது சரியான முடிவுதான். அது கொண்டுவந்த லாபத்தை முழுதாகச் சாப்பிட்டு, மேலும் ரூ.64,000 எடுத்துக்கொண்டது அந்தப் பத்து கிராம்.

அப்படியானால் அந்தப் பத்து கிராம் எங்கே போனது? "சேதாரம்" என்று எழுதிவிடுவது எளிது, அங்கேதான் அறிக்கை தவறான ஆளைக் குற்றம் சொல்லத் தொடங்குகிறது. கட்டிங் பிரிவின் கழிவு எடைப் பதிவைப் பார்த்தால் பீஸ் கணக்கில் அது கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடவில்லை என்றால் நூல் தரையில் கிடக்கவில்லை, பீஸோடு சேர்ந்து கப்பல் ஏறியிருக்கிறது. துணியில் வட்டமாக வெட்டி எடை போட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதி வைக்கும் ஜி.எஸ்.எம். பதிவேடு அதை உறுதிப்படுத்தும். நம் உதாரணத்தில் பையர் கேட்டது 160, ஓடியது 168. சரியாக 5 சதவீதம், 200-க்கும் 210-க்கும் உள்ள அதே விகிதம். துவைத்தால் துணி அதிகம் சுருங்குகிறது என்று புகார் வந்ததும், துணியை முன்பே அழுத்திச் சுருக்கிவிடும் காம்பேக்டிங்கில் அதை இன்னும் நெருக்கினார்கள். சுருக்கம் சரியானது, எடை ஏறியது. அதற்கு ஈடாக நிட்டிங்கில் லூப் நீளத்தைக் கூட்டி, துணியைக் கொஞ்சம் தளர்வாகப் பின்னி எடையைக் குறைத்திருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய், ஒருவர் மாற்றக்கூடிய ஒரு செயலில் வந்து நின்றால்தான் காரணம் கிடைத்ததாக அர்த்தம்.

இதையெல்லாம் எழுதும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும். வாங்கிய நூலை அல்ல, செலவான நூலை ஒப்பிட வேண்டும். செப்டம்பர் 30 அன்று குடோனில் இருந்த இருப்பைக் கழிக்காவிட்டால், இல்லாத விரயம் ஒன்று கணக்கில் முளைக்கும். அதேபோல, செப்டம்பரில் முடிந்த டையிங் ஜாப் ஒர்க்குக்கு பில் அக்டோபரில் வந்தால், அதற்கான தொகையை இந்தக் காலாண்டிலேயே ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் டையிங்கில் பெரிய மிச்சம் போலத் தோன்றி, அடுத்த காலாண்டில் அதே தொகை அதிகச் செலவாகத் திரும்பி வரும்.

இவ்வளவும் அறிக்கையில் ஒரே பத்தியாகச் சுருங்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் கழித்தல் எண்களைப் போட்டால், செலவில் கழித்தல் நல்லதா கெட்டதா என்று பாதிப் பேர் குழம்புவார்கள். லாபத்தைக் கூட்டியது, குறைத்தது என்று வார்த்தையில் எழுதினால் போதும். இப்படி:

"நூலுக்கு ரூ.16.64 லட்சம் கூடுதலாகச் செலவானது. இதில் ரூ.12.80 லட்சம் ஆகஸ்டில் எடுத்த 20,000 பீஸ் ஆர்டருக்கு. முன்பதிவு இல்லாததால் நூலை ரூ.320-க்கு வாங்கினோம், ஆனாலும் அந்த ஆர்டர் லாபத்தை ரூ.3.20 லட்சம் கூட்டியது. மீதி ரூ.3.84 லட்சம், துணியின் ஜி.எஸ்.எம். 160-க்குப் பதில் 168 ஓடியதால் ஆனது. இது லாபத்தைக் குறைத்தது. நிட்டிங் செட்டிங்கை மாற்றாவிட்டால், அடுத்த காலாண்டின் 1,10,000 பீஸில், ரூ.280-க்கு நூல் கிடைத்தாலும் ரூ.3.08 லட்சம் இதே வழியில் போகும். பொறுப்பு: நிட்டிங் மேலாளர், அக்டோபர் 15-க்குள்."