குளிர்ந்த ஹாலில் சூடாகும் சர்வர்

தரவு நிலையத்தில் சர்வர்கள் ஓடும் டேட்டா ஹாலுக்குள் ஏசி 19 டிகிரியில் காற்றைத் தள்ளுகிறது. ஆனாலும் சர்வர்களைத் தட்டுத் தட்டாக அடுக்கும் ஒரு ரேக்கின் மேல்தட்டில் இருக்கும் சர்வர், தனக்கு வரும் காற்று 28 டிகிரி என்று அலாரம் அடிக்கிறது. "அண்ணே, ஹாலே ஜில்லுன்னு இருக்கு, இது மட்டும் ஏன் கத்துது?" என்று ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த பையன் கேட்கிறான். "செட்பாயின்டைத் தொடாதே, முதல்ல பின்னாடி போய்ப் பாரு" என்கிறார் மூத்தவர். செட்பாயின்ட் என்பது ஏசிக்கு வைத்திருக்கும் வெப்பநிலை அளவு. அவர் சொல்வது சரிதான். ஹாலில் குளிருக்குக் குறைவில்லை, அது போக வேண்டிய வழியில் போகவில்லை.

சர்வர் வாங்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிறது. அதை வெளியே கொண்டுபோவது காற்று. ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.2 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோவாட் சர்வர் ஒரு மணி நேரத்தில் 3,600 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. வகுத்துப் பார்த்தால் 3,000 வரும். ஆக, 3,000-ஐ உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால், ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று தேவை என்பது கிடைத்துவிடும். சர்வர் காற்றை 12 டிகிரி சூடாக்கினால் 250. 6 டிகிரிதான் என்றால் 500.

500 கிலோவாட் சர்வர்கள் ஓடும் ஒரு ஹாலைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சர்வர்கள் காற்றை 12 டிகிரி சூடாக்கித் துப்புகின்றன என்றால் அவற்றுக்குத் தேவை மணிக்கு 125,000 கனமீட்டர். ஆனால் ஏசி யூனிட்டில் அளந்தால் 19-இல் போன காற்று 25-இல்தான் திரும்பி வருகிறது, அதாவது 6 டிகிரி வித்தியாசம். அப்படியானால் ஃபேன்கள் 250,000 கனமீட்டர் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பாதிக் காற்று எந்தச் சர்வரையும் தொடாமல், போன வேகத்தில் திரும்பி வருகிறது. இதை பைபாஸ் என்பார்கள். அதே நேரத்தில் ரேக்கின் பின்னால் துப்பிய சூடான காற்று, ரேக்கின் உச்சியைத் தாண்டியும் காலி இடங்களின் வழியாகவும் முன்பக்கம் வந்து, மேல்தட்டு சர்வருக்குள் மறுபடி நுழைகிறது. ஒரே ஹாலில் காற்று வீணாகவும் போகிறது, போதாமலும் இருக்கிறது. செட்பாயின்டைக் குறைத்தால் அலாரம் அடங்கும், கலப்பு அப்படியே இருக்கும், ஏசிக்குக் குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் மட்டும் இன்னும் பாடுபடும்.

இதற்கு மருந்துதான் ஹாட் ஐலை மூடுவது. இரண்டு வரிசை ரேக்குகளின் முதுகுகள் ஒன்றையொன்று பார்க்கும் சந்துக்கு இரு முனையிலும் கதவு போட்டு, மேலே சீலிங்வரை தகடுகளை ஏற்றிவிடுவார்கள். சூடான காற்றுக்கு சீலிங்கின் மேலுள்ள வெற்றிடம் வழியாக ஏசிக்குத் திரும்புவது தவிர வேறு வழி இல்லை. மீதி ஹால் முழுவதும் குளிர்ந்த பக்கமாகிவிடும்.

கதவு போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ரேக்கில் சர்வர் இல்லாத ஒவ்வொரு தட்டும் ஒரு ஓட்டை. அதை மூடும் பிளாஸ்டிக் தகட்டுக்கு பிளாங்கிங் பேனல் என்று பெயர். பழைய சர்வரைக் கழற்றுகிறவர்கள் அதைத் திருப்பி மாட்ட மறப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற கோளாறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு டிஷ்யூ துண்டு போதும். குளிர்ந்த பக்கம் நின்று அந்த இடைவெளியில் பிடித்தால் அது உள்ளே, சூடான பக்கம் இழுபட வேண்டும். உங்கள் பக்கம் வளைந்தால் ஹாட் ஐலில் அழுத்தம் அதிகமாகிவிட்டது, சூடான காற்று முன்பக்கம் கசிகிறது என்று பொருள். பேனல் விடுபட்டிருக்கலாம், இல்லையென்றால் ஃபேனை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கலாம்.

மூடியதால் மட்டும் ஒரு வாட்டும் மிச்சமாகாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மூடிய பிறகு ஃபேன் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம் குளிர்நீரின் வெப்பநிலையை உயர்த்த வேண்டும். ஃபேனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: காற்றின் அளவைப் பாதியாக்கினால் மின்சாரம் கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகும். கசிவுக்கும் பாதுகாப்புக்கும் கொஞ்சம் கூடுதல் காற்று வைக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. குளிர்ந்த பக்கத்தின் அழுத்தம் ஹாட் ஐலைவிட ஓரிரண்டு பாஸ்கல் கூடுதலாக இருக்கும்படி ஃபேனை ஓட்டினால் போதும்.

நீர் வெப்பநிலை சிங்கப்பூருக்கு மிகவும் முக்கியம். குளிர்காலம் உள்ள ஊர்களில் சில மாதங்கள் சில்லரையே அணைத்துவிட்டு வெளிக்காற்றால் சமாளிக்கலாம். இங்கே இரவிலும் காற்று சூடாக, ஈரமாக இருக்கிறது. ஜூரோங்கில் ஆனாலும் தை செங்கில் ஆனாலும் ஆண்டு முழுக்க சில்லர் ஓடியாக வேண்டும். ஹாலின் வெப்பநிலையை உயர்த்தினால்தான் நீரின் வெப்பநிலையையும் உயர்த்த முடியும். அதனால் ஹாலை எத்தனை டிகிரி உயர்த்தி ஓட்ட முடியும் என்பதுதான் கேள்வி. 2023-இல் இங்குள்ள தரவு நிலையங்களுக்காக வந்த வெப்பமண்டலத் தரநிலை, 26 டிகிரியிலும் அதற்கு மேலும் ஓட்ட வழி காட்டுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகலாம் என்பது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் மதிப்பீடு.

இதையெல்லாம் அளக்கும் எண் பியூஇ. கட்டடம் மொத்தம் வாங்கும் மின்சாரத்தைச் சர்வர்கள் வாங்கும் மின்சாரத்தால் வகுத்தது அது. 2024-இல் ஆணையம் வெளியிட்ட திட்டம், பத்தாண்டுகளுக்குள் எல்லாத் தரவு நிலையங்களும் முழுச் சுமையில் 1.3-க்கு மேல் போகக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறது.

நம் 500 கிலோவாட் ஹாலுக்கு வருவோம். மூடுவதற்கு முன் ஏசி ஃபேன் 40, சில்லரும் பம்பும் கூலிங் டவரும் சேர்த்து 180, யுபிஎஸ் இழப்பும் விளக்கும் 50 கிலோவாட் என்று வையுங்கள். மொத்தம் 770, பியூஇ 1.54. மூடி, ஃபேனைக் குறைத்து, ஹாலை 24 டிகிரியில் ஓட்டினால் ஃபேன் 12 ஆகவும் சில்லர் பக்கம் 150 ஆகவும் இறங்கலாம். மொத்தம் 712, பியூஇ 1.42. மணிக்கு 58 யூனிட் மிச்சம்.

சரி, இன்னும் ஏற்றுவோம் என்று 28 டிகிரிக்குப் போகிறோம். இப்போது சர்வருக்குள் இருக்கும் சின்ன ஃபேன்கள் வேகமெடுக்கின்றன. அவை தின்னும் மின்சாரமும் சர்வர் கணக்கில்தான் சேரும். சர்வர் சுமை 515 ஆகிறது. அவை அதிகக் காற்றை இழுப்பதால் ஏசி ஃபேனும் 17-க்கு ஏறுகிறது. சில்லர் பக்கம் 143, யுபிஎஸ் பக்கம் 51. மொத்தம் 726. பியூஇயோ 1.41! எண் அழகாகிவிட்டது, ஆனால் கட்டடம் மணிக்கு 14 யூனிட் அதிகம் தின்கிறது. வகுக்கும் எண்ணே பெருத்துவிட்டதால் வந்த அழகு இது. எந்த டிகிரியில் இந்தத் திருப்பம் வரும் என்பது சர்வரைப் பொறுத்தது. 28-இலும் நிதானமாக ஓடுபவை உண்டு, 26-லேயே இரைச்சல் போடுபவையும் உண்டு.

ஆகவே டிகிரியை ஒன்றொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நிறுத்தி, நான்கு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்: கட்டடத்தின் மொத்த கிலோவாட், சர்வர்களின் கிலோவாட், ரேக்கின் மேல்தட்டுக்கு வரும் காற்றின் வெப்பநிலை, ஏசிக்குத் திரும்பும் காற்றின் வெப்பநிலை. செய்யும் வேலை மாறாமல் சர்வர்களின் கிலோவாட் ஏற ஆரம்பித்து, மொத்தமும் இறங்க மறுத்தால், அதற்கு முந்தைய டிகிரிதான் அந்த ஹாலுக்குச் சரியான இடம்.