பவர் பேங்க் கெட்டுப்போகவில்லை, ஐயா!

பவர் பேங்க் பாதியில் அணைகிறது என்று இந்த வாரம் மட்டும் என் கடைக்கு வந்த மூன்றாவது ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு பவர் பேங்க்குகளை மேசையில் வைத்தார். "தம்பி, 10000 எம்ஏஎச் வாங்கினேன், சக்தி போதவில்லை. 20000 வாங்கினேன், அதுவும் அப்படியே" என்றார். கையில் கட்டும் அவருடைய ஸ்மார்ட் பட்டை 80 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லையாம்.

யூஎஸ்பி மீட்டரை நடுவில் செருகிப் பார்த்தேன். தொடக்கத்தில் பட்டை 110 மில்லி ஆம்பியர் எடுத்தது. பேட்டரி நிரம்ப நிரம்ப அந்த அளவு இறங்கியது. 50ஐ நெருங்கியதும் பவர் பேங்க் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டது. எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்து, தன் மின்சாரத்தை மிச்சப்படுத்த அது செய்கிற வேலை இது. சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய்க்குத் தண்ணீர் மீட்டர் சுற்றாதல்லவா, அதே கதைதான். இந்த எல்லை பொதுவாக 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்; மாடலுக்கு மாடல் மாறும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 10000, 20000 என்பது தொட்டியின் கொள்ளளவு. எவ்வளவு வேகமாகத் தர வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. எவ்வளவு எடுப்பது என்பதைப் பட்டையும் இயர்பட்ஸ் பெட்டியும்தான் தீர்மானிக்கின்றன. தொட்டியைப் பெரிதாக்கினால் சொட்டு பெரிதாகுமா? இதைத் தினமும் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. பெரிய பவர் பேங்க்கில் போட்டால் சின்னப் பட்டை கருகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

வழி என்ன? முதலில் கையேட்டைப் பிரியுங்கள். சிறிதளவு மின்சாரம் எடுத்தாலும் அணையாமல் இருக்கப் பல மாடல்களில் குறைமின் முறை இருக்கிறது. பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலோ சில விநாடி அழுத்திப் பிடித்தாலோ அது இயங்கும். விளக்கு வேறு நிறத்தில் எரியும் அல்லது ஓடும். ஆசிரியரின் பழைய 10000இலேயே அது இருந்தது! இரண்டு முறை அழுத்தினோம், முக்கால் மணி நேரத்தில் பட்டை நிறைந்தது. வேலை முடிந்ததும் அந்த முறையை அணைத்துவிடுங்கள். சில மாடல்கள் தாமாக அணைவதில்லை. மறந்தால் பவர் பேங்க் வீணாக வடியும்.

அந்த முறை இல்லாதவர்கள் இன்னொரு துளையில் கைப்பேசியையும் செருகிப் பாருங்கள். மொத்த மின்னோட்டத்தைக் கணக்கிடும் மாடல் என்றால் அணையாது. துளைக்குத் துளை தனியாகக் கணக்கிடுகிற மாடலில் இது பலிக்காது. அப்போது மடிக்கணினியில் செருகிவிடுங்கள், தொல்லையே இல்லை.

பவர் பேங்க் அணையாமல் இருக்கக் கூடுதல் மின்சாரம் இழுக்கட்டும் என்று காணொளி பார்த்து 47 ஓம் மின்தடையைக் கேபிளில் பற்றவைக்கிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். 5 வோல்ட்டில் அது அரை வாட்டுக்கு மேல் சூடாகும். ஒருவர் கால் வாட் மின்தடையை வைத்துப் பையை ஓட்டையாக்கிக்கொண்டு வந்தார்.

கைப்பேசியைப் போட்டாலும் பாதியில் அணைகிறது என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் மட்டும் கடைக்கு எடுத்து வாருங்கள்.